செவலை வண்டி ஏறிய காட்சி: மூன்று குரல்களில் எழுதிப் பார்த்தது

எங்கள் வீட்டுப் பசுவை விற்ற விடியற்காலையைப் பற்றி ஒரு சிறுகதை எழுத வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாரு என்று நாங்கள் கூப்பிட்ட தாத்தா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பாட்டிக்கு, எங்கள் பேச்சில் ஆத்தாவுக்கு, முழங்கால் வலி வந்து, குனிந்து சாணி அள்ள முடியாத நிலை. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் வேலை பார்த்தார்கள். எனவே செவலையை விற்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். தரகர் வந்து, துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசினார். மறுநாள் விடிவதற்கு முன்பே மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவ்வளவுதான் நடந்தது.

அதைக் கதையாக எழுதியபோது, யோசனையே இல்லாமல், ஒன்பது வயதுச் சிறுமி சொல்வதாகத்தான் எழுதினேன். பார்த்தது நான்தானே, வேறு எப்படி எழுதுவது என்ற எண்ணம். ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தது. கதையின் இரண்டாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தார்கள்: "இந்தக் குழந்தைக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது." அந்த வரி என்னை உறுத்தியது, ஆனால் அது சரி என்பதும் படித்த உடனே தெரிந்துவிட்டது. என் சிறுமி ஒன்பது வயதின் கண்ணால் பார்த்துவிட்டு, முப்பது வயதைக் கடந்த என் வாயால் பேசிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் அந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்து, குழந்தை, பெரியவர், அந்நியர் என்று மூன்று குரல்களில் தனித்தனியே எழுதிப் பார்த்தேன். கதை முழுவதையும் அல்ல; மாடு வண்டி ஏறும் அந்த இருபது நிமிடங்களை மட்டும். அதில் என்ன கிடைத்தது, எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியதாக இருந்தது, நடந்ததை அசையாமல் நிறுத்துவது. மூன்று குரல்களுக்கும் நிகழ்ச்சி ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது; ஒரு குரலுக்கு நல்ல சம்பவம் கிடைத்து, மற்றதற்குக் கிடைக்காமல் போனால், நாம் தேர்ந்தெடுப்பது சம்பவத்தையே தவிரக் குரலை அல்ல. ஆகையால் ஒரு தாளில் நடந்ததை மட்டும் எழுதினேன். உணர்ச்சியைக் குறிக்கும் சொல் ஒன்றும் அந்தத் தாளில் வரக்கூடாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்டது. உண்மையில் அன்று மாட்டை நடத்தித்தான் கூட்டிப்போனார்கள். தெருமுனையில் அது நின்றுவிட, ஆத்தா கூடவே சாலைவரை நடந்து போனார். கதையில் காலத்தை முன்னே நகர்த்திக் குட்டியானை வண்டியை வைத்தேன்.

தாளில் இருந்தது இதுதான். தூறல். ஆத்தா கடைசியாகப் பால் கறக்கிறார். குட்டியானை பின்பக்கமாக வந்து கட்டுத்தரை ஓரம் நிற்கிறது, பலகை சாய்க்கப்படுகிறது. தரகர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். மாட்டின் பழைய கயிறு கழற்றப்பட்டு ஆத்தா கைக்கு வருகிறது. வாங்கியவர் கொண்டுவந்த நீல நைலான் கயிறு மாட்டுக்குப் போகிறது. எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். கயிற்றோடு கட்டுத்தரையின் ராசியும் போய்விடும் என்பார்கள். மாடு பலகையில் முன்னங்காலை வைத்துப் பின்வாங்குகிறது. இருமுறை இழுத்தும் ஏறவில்லை. வண்டி ஓட்டுபவர் பின்னால் போய் வாலைப் பிடிக்கிறார். ஆத்தா முன்னால் வந்து, "வா சாமி" என்று கூப்பிடுகிறார். மாடு ஏறுகிறது. வண்டி போகிறது. தாழியில் பாதி தின்ற சோளத்தட்டு கிடக்கிறது.

இந்தத் தாளைத் தொடாமல், மூன்று வெவ்வேறு காலைகளில் மூன்றையும் எழுதினேன். ஒன்றை எழுதும்போது முன்னதை எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் முதல் குரலில் கிடைத்த நல்ல வாக்கியம் அடுத்த குரலின் வாயிலும் ஏறிவிடும். ஒவ்வொருவரும் யாரிடம் சொல்கிறார்கள் என்பதையும் எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துகொண்டேன். சிறுமி பள்ளித் தோழியிடம் சொல்கிறாள். ஆத்தா இறந்துபோன அப்பாருவிடம் மனதுக்குள் சொல்கிறார். வண்டிக்காரர் இரவு வீடு திரும்பி மனைவியிடம் சொல்கிறார். தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது கூற்று என்பதைச் சொல்லி, கேட்போர் என்பதையும் தனி உறுப்பாகச் சொல்கிறது. கல்லூரியில் மனப்பாடம் செய்து மறந்த அந்தச் செய்தி இங்கே வந்து உதவியது. கேட்பவரை முடிவு செய்யாமல் எழுதினால், மூன்று பேரும் வாசகரைப் பார்த்தே பேசுவார்கள். வாசகரைப் பார்த்துப் பேசும்போது மூன்று பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

சிறுமியின் குரலில் வந்ததிலிருந்து சில வரிகள்:

"குட்டியானைன்னா நெசமாவே யானை மாதிரி இருக்கும்னு நெனச்சேன். சின்ன வண்டிதான். செவலை ஏறவே இல்ல. ரெண்டு பேரு இழுத்தாங்க. அப்பறம் ஆத்தா வந்துச்சு. வா சாமின்னு கூப்புட்டுச்சு. செவலை ஏறுச்சு. அத்தனை பேரு இழுத்தும் ஏறல, எங்க ஆத்தா ஒருக்கா கூப்புட்டதுக்கே ஏறிருச்சு."

இதை எழுதி முடித்துப் படித்தபோது, நான் எதிர்பார்க்காத இரண்டு செய்திகள் அதில் இருந்தன. ஒன்று, சிறுமி இதை வெற்றியாகச் சொல்கிறாள். பெரியவர்களுக்கு முடியாததை அவளுடைய ஆத்தா செய்துவிட்டார் என்ற பெருமைதான் அவளுக்கு. அந்தக் கூப்பாட்டை நம்பித்தான் மாடு போகிறது என்பது அவளுக்கு எட்டவில்லை, வாசகருக்கு எட்டுகிறது. சிற்றிதழுக்கு அனுப்பிய கதையில் இதே இடத்தில் நான், "தன்னை விற்கிறவளின் குரல் என்று அறியாமல் செவலை ஏறியது" என்று எழுதியிருந்தேன். பென்சில் வரி சுட்டியது இதைத்தான். குழந்தையின் குரலில் அந்த அறிவை ஏற்றிவிட்டால் வாசகர் தாமே அறிந்துகொள்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது, வினைமுற்று. எங்கள் பேச்சில் வீட்டுப் பெரியவளைக் குறித்துக் குழந்தைகள் "ஆத்தா வந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். அது அவமதிப்பு அல்ல, நெருக்கம். மாட்டுக்கும் அதே "வந்துச்சு" தான். ஆகவே சிறுமி பேசும் இடமெல்லாம் ஆத்தாவும் செவலையும் ஒரே விகுதியில் வந்தார்கள். "ஆத்தா கூப்புட்டுச்சு. செவலை ஏறுச்சு." இருவருக்கும் இடையே இலக்கணத்திலேயே வேறுபாடு இல்லை. எழுத்துத் தமிழில் இதை எழுதினால் "ஆத்தா கூப்பிட்டார், செவலை ஏறியது" என்று பிரிந்துபோகும். மூன்று வரைவுகளையும் பேச்சுத் தமிழிலேயே எழுதவேண்டும் என்று நான் முடிவெடுத்தது இந்த இரண்டு வாக்கியங்களைப் பார்த்த பிறகுதான்.

குழந்தைக் குரலில் நேரும் தவறுகள் வெளிப்படையானவை. ஒன்று அறிவு முற்றிவிடும். அல்லது மழலை கூடிப்போய் வாசகர் குழந்தையை ரசிக்கத் தொடங்கி, மாட்டை மறந்துவிடுவார். என் வரைவில் "குட்டியானை" பற்றிய வரியே அந்த எல்லையைத் தொடுகிறது. முதலில் அதைத் தொடர்ந்து தும்பிக்கை எங்கே என்று அவள் கேட்பதாகவும் ஒரு வரி இருந்தது. ஒன்பது வயதில் நான் அப்படிக் கேட்டிருக்கமாட்டேன். ஐந்து வயதில் கேட்டிருக்கலாம். அந்த வரியை நீக்கினேன். குழந்தையின் வயதை ஆண்டுக்கணக்கில் திட்டமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் அந்த வயதில் நிறுத்திப் பார்ப்பது தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

ஆத்தாவின் வரைவு வேறு விதமாகத் தொல்லை கொடுத்தது. மற்ற இரண்டும் நானூறு சொற்களில் முடிந்தன. இது தொள்ளாயிரத்தைத் தாண்டியது. ஏன் என்று பார்க்கச் சிவப்பு மையால் ஒரு வேலை செய்தேன். அந்தக் காலை நேரத்தில் நடப்பதைச் சொல்லும் வரிகளை மட்டும் அடிக்கோடிட்டேன். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மீதியெல்லாம் செவலையின் தாயை அப்பாரு எந்தச் சந்தையில் வாங்கினார், செவலை பிறந்த இரவு எப்படி மழை பெய்தது, முதல் ஈற்றில் கன்று தங்காமல் போனது என்ற பழங்கதைகள். ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தது. ஆனால் மாடு பலகையில் ஒரு காலை வைத்தபடி இரண்டு பக்கம் காத்துக்கொண்டிருந்தது. நினைவு நிறைய உள்ளவரைப் பேசவிட்டால் நிகழ்காலம் மூழ்கிவிடும் என்பது இந்தக் குரலோடு கூடவே வரும் ஆபத்து.

வெட்டிச் சுருக்கிய பிறகு நின்றது இது:

"நீங்க இருந்திருந்தா வித்திருக்கமாட்டீங்க. நீங்க இல்ல. அவ ஏறமாட்டேன்னு நின்னா. நான் போய்க் கூப்புட்டேன். ஏறிட்டா."

ஆத்தாவின் வாயில் செவலை "அவ". இந்த வரைவில் மட்டும்தான் மாட்டுக்குப் பெண்பால் கிடைத்தது. நான் திட்டமிட்டு வைத்ததல்ல. எழுதும்போது வேறு எப்படியும் வரவில்லை. "ஏறிட்டா" என்ற சொல், மகளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து சொல்வது போல ஒலித்தது. ஐந்து சிறிய வாக்கியங்களில் நான் வேண்டியது கிடைத்துவிட்டது என்றே அன்று நினைத்தேன்.

ஆனால் இரண்டு நாள் கழித்துப் படித்தபோது ஒரு குறை தெரிந்தது. ஆத்தா ஏன் கூப்பிட்டார் என்பது அதில் இல்லை. அதைச் சேர்க்க எவ்வளவோ முயன்றேன். "வாலை முறுக்கப் போறான்னு தெரிஞ்சுது, அதான் போனேன்" என்று எழுதினேன். எழுதியவுடன் ஆத்தா தம்மை நியாயப்படுத்திக்கொள்பவராக மாறிவிட்டார். என் ஆத்தா வாழ்நாளில் எதற்கும் காரணம் சொன்னவர் அல்லர். தாம் செய்த நல்லதைத் தாமே எடுத்துச் சொல்லும்போது, அது நல்லதாகவே இருந்தாலும், அதன் எடை குறைந்துவிடுகிறது. சொல்லாமல் விட்டாலோ வாசகருக்குத் தெரியவே தெரியாது. இந்தக் குரலில் இதற்கு வழியே இல்லை.

மூன்றாவது வரைவுக்கு வந்தபோது எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர் அவர். அந்த வீட்டுக்கு முன்பின் வந்தவர் அல்லர். மாட்டின் பெயர்கூடத் தெரியாது. இவர் என்ன சொல்லிவிடப் போகிறார் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் எழுதியது உண்மையிலேயே வறட்சியாக இருந்தது. தூறல் பெய்தது, கிழவி நின்றாள், மாடு ஏறியது என்று வெறும் வரிசை. அந்நியர் என்றதும் நான் அவரை உணர்ச்சியே இல்லாத ஒரு கண்ணாக்கிவிட்டேன். அந்நியருக்கும் அங்கே நிற்பதற்கு ஒரு காரணம், முடிக்கவேண்டிய ஒரு வேலை, போய்ச் சேரவேண்டிய நேரம் உண்டு. இவருக்கு எட்டு மணிக்குள் மாட்டை இறக்கிவிட்டு அடுத்த வாடகைக்குப் போகவேண்டும். அந்த அவசரத்தைக் கொடுத்த பிறகுதான் அவருக்குக் கை வந்தது. கை வந்ததும் அந்தக் கை மாட்டின் வாலைப் பிடித்தது.

"நமக்கு நேரமாச்சு. மாடு ஏறல. பின்னால போய் வாலப் புடிச்சு முறுக்குனா ஏறிரும். எத்தனையோ மாடு ஏத்திருக்கேன். வாலைக் கையில புடிச்சுட்டேன். அந்தம்மா பாத்தாங்க. ஒண்ணுமே சொல்லல. முன்னால வந்து, வா சாமின்னாங்க. அந்தப் பொண்ணும் ஒரு எட்டு முன்னால வந்துச்சு, மாடும் ஒரு எட்டு வந்துச்சு. பொண்ணு நின்னுக்கிச்சு. மாடு ஏறுச்சு. நான் வாலை விட்டுட்டேன்."

இந்த இடத்தை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஏன் கூப்பிட்டார் என்பதை யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது. வாலைப் பிடித்த கை யாருடையதோ, அவருக்குத்தான் அது தெரிய முடியும். ஆத்தாவின் பார்வை விழுந்ததும் அந்தக் கையின் மேல்தான். சிறுமி அப்போது முன்னால் நிற்கிறாள்; பின்னால் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. ஆத்தா அதைச் சொல்லமாட்டார். மூன்று பேரில் அதைப் பார்த்தும் சொல்லக்கூடியவர் இவர் ஒருவரே.

"சாமி" என்ற சொல்லும் இந்த வரைவில்தான் திறந்துகொண்டது. எங்கள் பக்கம் பேரப்பிள்ளைகளைப் பெரியவர்கள் "சாமி" என்றும் "கண்ணு" என்றும்தான் கூப்பிடுவார்கள். ஆத்தா மாட்டையும் அப்படியே கூப்பிடுவார். எனக்கும் ஆத்தாவுக்கும் இது அன்றாடம். அதில் கவனிக்க ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற ஐயம் ஒரு நொடி எழும். அந்த ஒரு நொடியில் குழந்தையும் மாடும் சேர்ந்து ஓர் அடி எடுத்துவைத்தது அவர் கண்ணில் மட்டுமே படும். என் தாளில் "வா சாமி" என்று நானேதான் எழுதி வைத்திருந்தேன். இரண்டு வரைவுகளில் அதைக் கடந்தும் வந்திருந்தேன்.

அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. காதலனோடு மகள் ஊரைவிட்டுப் போய்விடுகிறாள் என்ற ஒரே நிகழ்ச்சியைச் சங்கப் பாடல்கள் நற்றாய், செவிலி, தோழி, வழியில் கண்டோர் என்று பலர் வாயிலாகச் சொல்கின்றன. குறுந்தொகையின் 44ஆம் பாடலில், வெள்ளிவீதியார் பாடியது, செவிலி தேடித் தேடி நடந்து கால் ஓய்ந்து, பார்த்துப் பார்த்துக் கண் ஒளி இழந்து நிற்கிறாள்; வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் வேறு யாரோ; அத்தகைய பிறர் இந்த உலகில் வானத்து மீனைவிடப் பலர் என்கிறாள். அதே தொகையின் 7ஆம் பாடலில், பெரும்பதுமனார் பாடியது, அந்தப் பிறரில் சிலர் பேசுகிறார்கள். பாலை வழியில் அந்த இருவரையும் கண்டவர்கள். அவன் காலில் கழல் இருக்கிறது, அவள் காலில் இன்னும் சிலம்பு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். திருமணத்துக்கு முன் சிலம்பைக் கழிக்கும் சடங்கு உண்டு என்பதால், இவளுக்கு இன்னும் மணம் ஆகவில்லை என்பதை ஊரும் பெயரும் தெரியாத அவர்கள் காலணியைப் பார்த்தே அறிகிறார்கள். யாரோ, பாவம் என்று இரங்குகிறார்கள்.

செவிலி தேடிக்கொண்டிருப்பது எதுவோ, அது அந்த அந்நியர்களின் கண்ணெதிரில் நடந்து போகிறது. அவளுக்கு அன்பு முழுவதும் இருக்கிறது, காட்சி இல்லை. அவர்களுக்குக் காட்சி இருக்கிறது, பெயர்கூடத் தெரியாது. இந்த இரண்டு பாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் என் வண்டிக்காரரின் இடம் எனக்கு முழுதாக விளங்கியது. ஆத்தாவின் காட்சியும் சிறுமியின் காட்சியும் வண்டி தெருவைத் திரும்பியதும் முடிந்துவிடும். அதன் பிறகு செவலையோடு இருப்பவர் இவர் ஒருவர்தான். மேலும் ஒரு மணி நேரப் பயணம் இவரிடம் இருக்கிறது. சிறுவயதில் நான் பல இரவுகள், செவலை போகிற வழியில் என்ன செய்திருக்கும் என்று நினைத்தபடி படுத்திருக்கிறேன். அதை அறிந்தவர் ஒருவர் இருந்தார் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றவே இல்லை. (அதே செய்யுளியல், பேசுவதற்கு உரியவர்களை வரிசைப்படுத்தும் இடத்தில் கண்டோரைச் சேர்க்கிறது, சிறு குழந்தை அந்த வரிசையில் இல்லை. ஏன் இல்லை என்பதைத் தனியே யோசிக்க வேண்டும்.)

மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது, எது மனதை உருக்குகிறது என்று பார்க்க நான் விரும்பவில்லை. எழுதிய கையோடு படித்தால் மூன்றுமே உருக்கும். உருகுவது என் நினைவுதான், எழுத்து அல்ல. அதற்குப் பதிலாக வரிகளை இடம் மாற்றிப் பார்த்தேன். ஒரு வரைவிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, வினைமுற்றை மட்டும் திருத்தி, அடுத்தவர் வாயில் வைத்துப் படித்தேன். அங்கும் அது சிக்கலில்லாமல் உட்கார்ந்தால், அந்த வாக்கியம் இருவருக்கும் சொந்தமில்லை. அது என்னுடையது, நான் உள்ளே நுழைத்தது. "வானம் மெல்ல வெளுத்துக்கிட்டு இருந்துச்சு" என்ற வரி மூன்றிலும் இருந்தது, மூன்றிலும் பொருந்தியது, மூன்றிலும் அடித்தேன். "பாலு நொரையோட அப்படியே கெடந்துச்சு, யாரும் காப்பி வைக்கல" என்பது சிறுமியிடம் மட்டும் நின்றது. "நான் வாலை விட்டுட்டேன்" என்பதை வேறு யாருக்கும் கொடுக்க முடியவில்லை. இப்படிச் சலித்த பிறகு சிறுமியின் வரைவில் பாதியும், ஆத்தாவின் வரைவில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், வண்டிக்காரரின் வரைவில் ஏறக்குறைய முழுவதும் மிஞ்சின.

இதை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை. காட்சியின் நடுநரம்பு எது என்று கேட்டுக்கொண்டேன். மாடு விற்கப்படுவது அல்ல. மாட்டுக்கு வலிக்கக்கூடாது என்பதற்காக ஆத்தா தம் குரலைக் கொடுத்தது, அந்தக் குரலே அதை அனுப்பிவைத்தது. இதைச் சிறுமி அறியமாட்டாள், ஆத்தா சொல்லமாட்டார், வண்டிக்காரர் சொல்கிறார்; அதுவும் அதன் முழுப் பொருள் தெரியாமலே, வேலை எளிதாக முடிந்தது என்ற தோரணையில் சொல்கிறார். அறிந்தவர், சொல்லக்கூடியவர், சொல்வதன் எடையை முழுதும் உணராதவர் என்ற மூன்றும் ஒருவரிடமே கூடியது அவரிடம்தான்.

தேர்ந்ததற்கு விலையும் உண்டு. அப்பாரு இறந்தது வண்டிக்காரருக்குத் தெரியாது. "நீங்க இருந்திருந்தா வித்திருக்கமாட்டீங்க" என்ற வரி போய்விட்டது. அது போனதில் எனக்கு இன்றும் வருத்தம். அந்தச் செய்தியை வேறு எப்படியாவது கொண்டுவர, தரகர் அவரிடம் வழியில் எல்லாவற்றையும் சொல்வதாக ஒரு பத்தி எழுதினேன். அது அப்பட்டமாகத் தகவல் ஏற்றுகிற பத்தியாக இருந்தது. தரகர்கள் வண்டிக்காரரிடம் வாடகையைத்தான் பேசுவார்கள். அதை நீக்கிவிட்டு, திண்ணையில் ஆண் செருப்பு ஒரு சோடி இருந்தது, ஆனால் வீட்டில் ஆண் யாரையும் காணோம் என்று அவர் மனைவியிடம் சொல்வதாக ஒரே வரி வைத்தேன். பெயர் தெரியாதவர் காலணியைப் பார்த்து அறிந்துகொள்ளும் அந்தப் பழைய வழியை எடுத்துக்கொண்டதில் எனக்குக் கூச்சம் இல்லை.

மூன்று குரல்களையும் மாறி மாறி வைத்து ஒரே கதையாக ஆக்கிவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். மூன்றும் கைவசம் இருக்கும்போது அந்த ஆசை வராமல் இருக்காது. எழுதியும் பார்த்தேன். கயிறு கழற்றப்படுவதை வாசகர் மூன்று முறை பார்க்கவேண்டி வந்தது. மூன்றாம் முறை அது வெறும் கயிறாகிவிட்டது. அதைவிடப் பெரிய கேடு, ஒருவர் சொல்லாமல் விட்டதை அடுத்தவர் வந்து நிரப்பிவிடுகிறார். ஆத்தாவின் மௌனம் ஆத்தா பேசத் தொடங்கியதுமே போய்விடுகிறது. வேறு சில கதைகளில், ஒருவர் சொல்வதை அடுத்தவர் மறுக்கவேண்டிய இடங்களில், அந்த அமைப்பு வேலை செய்யலாம். இங்கே யாரும் யாரையும் மறுக்கவில்லை.

எடுத்துக்கொள்ளாமல் விட்ட இரண்டு வரைவுகளும் வீணாகவும் போகவில்லை. வண்டிக்காரரின் இறுதி வடிவத்தில் ஆத்தா பேசுவது மூன்று சொற்கள்கூட இல்லை. ஆனால் அவர் எதையெல்லாம் நினைத்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார் என்று தொள்ளாயிரம் சொற்களில் எழுதிப் பார்த்துவிட்டதால், அவரை எங்கே நிற்கவைப்பது, கையில் என்ன இருப்பது என்பதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொள்கிறார். கயிற்றை மட்டும் இரண்டாக மடித்து, மறுபடி மடித்துப் பிடித்துக்கொள்கிறார். சிறுமியின் வரைவிலிருந்து ஒரு கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டேன். வண்டி கிளம்பும்போது அவள் ஓடி வந்து, "அண்ணா, நீங்க திரும்பி எப்ப வருவீங்க?" என்று கேட்கிறாள். மாடு திரும்பி வராது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி திரும்பி வராது என்று யாரும் சொல்லவில்லை. வண்டிக்காரர் இதை மனைவியிடம் சொல்லிவிட்டு, தாம் என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்லாமல் சாப்பிட உட்கார்கிறார்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அந்தக் கயிற்றை ஆத்தா என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். கட்டுத்தரைத் தூணில் ஒரு ஆணியில் மாட்டினார். அப்புறம் எங்கள் வீட்டில் மாடு கட்டவே இல்லை. கூரை பிரிக்கும்வரை அந்தக் கயிறு அங்கேயே தொங்கியது. செவலையின் கழுத்து உரசி உரசி ஓர் இடத்தில் மட்டும் அது கறுத்து வழவழவென்று இருக்கும். நான் பள்ளிவிட்டு வந்ததும் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போவேன். கதையின் முடிவாக இதைத்தான் எழுத வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே வைத்திருந்தேன். ஆனால் வண்டி தெருவைத் திரும்பும்போது, பக்கக் கண்ணாடியில் அவருக்குத் தெரிவது, கையில் மடித்த கயிற்றோடு வாசலில் நிற்கும் ஓர் அம்மா மட்டுமே. ஆணியை அவர் பார்க்கவில்லை. அந்தப் பத்தியின் மேல் கோடு போட்டேன்.